இன்னும் வந்து சேரவில்லை: கெடு தாண்டிய வேலையை ஜப்பானிய மொழியில் நினைவூட்டும் முறை

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. மைசூருவில் ஒரு மென்பொருள் அலுவலகம். கோயம்புத்தூரிலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் ஒரு சோதனைப் பொறியாளர் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டோக்கியோ கிளையில் இருக்கும் சக ஊழியர் ஒருவர் ஒரு விவரக்குறிப்பு ஆவணத்தைப் படித்துப் பார்த்து, திருத்தங்களுடன் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வரவில்லை. புதன்கிழமை சோதனையைத் தொடங்கினால்தான் 17ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடியும். 20ஆம் தேதி தீபாவளி. குழுவில் பாதிப்பேர் வெள்ளி இரவே ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள்.

இந்த நிகழ்வு இந்த அத்தியாயத்துக்காக அமைத்துக்கொண்ட மாதிரி. ஆனால் அந்தப் பொறியாளர் முதலில் எழுதிய மூன்று வாக்கியங்களை ஜப்பானிய மொழி படித்த பலரும் எழுதியிருப்பார்கள்:

“ஷியோஷோ நோ ரெப்யூ ஓ மதா ஒகுத்தே இமசென் நே. கிகென் வா தோகா தெஷ்தா. ஹயாகு ஒகுத்தே குதசாய்.”

விவரக்குறிப்பின் மதிப்பாய்வை நீங்கள் இன்னும் அனுப்பவில்லையே. கெடு பத்தாம் தேதி. சீக்கிரம் அனுப்புங்கள் என்பது இதன் பொருள். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ‘குதசாய்’ என்ற மரியாதைச் சொல்லும் இருக்கிறது. இருந்தும் டோக்கியோவில் இதைப் படிப்பவருக்கு விசாரணைக்கு அழைத்தது போலிருக்கும். அவர் மறுநாள் ஆவணத்தை அனுப்பிவிடுவார். அடுத்த மாதம் ஒரு சந்தேகம் கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும்.

மொழி தெரிந்தவரிடமே இந்தத் தவறு நேர்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஜப்பானிய மொழி படிப்பவர்களில் பெரும்பாலோர் எழுதும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் சொல்லறிவு, இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவை மட்டுமே சோதிக்கப்படுகின்றன. 2010 முதல் ஐந்து நிலைகளாக நடக்கும் அந்தத் தேர்வின் எந்த நிலையிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. கட்டுரையோ கடிதமோ எழுதச் சொல்வதும் கிடையாது. மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை தேறி வேலைக்கு வரும் ஒருவர், தாமதத்தை நினைவூட்டும் கடிதத்தைத் தன் வாழ்நாளில் முதன்முறையாக எழுதுவது ஒரு நிஜமான சக ஊழியருக்குத்தான்.

வினைச்சொல்லை மாற்றுவது

மேலே உள்ள மூன்று வாக்கியங்களில் உறுத்துவது ‘ஒகுரு’ என்ற வினைச்சொல். ‘அனுப்பு’ என்று பொருள். அனுப்புவதற்கு ஒரு ஆள் வேண்டும். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் எழுதப்படாவிட்டாலும் அந்த ஆள் யார் என்பது படிப்பவருக்குத் தெரியும். ‘அனுப்பவில்லை’ என்றாலே ‘நீங்கள்தான் அனுப்பவில்லை’ என்று ஆகிவிடுகிறது. கடைசியில் நிற்கும் ‘நே’ என்ற ஒட்டு அதை இன்னும் கூர்மையாக்கி, ‘அப்படித்தானே?’ என்று ஒப்புதல் கேட்கிறது.

இதைத் தமிழர் ஒருவருக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் தமிழிலும் இதே வழி இருக்கிறது. பத்திரிகை வராத நாளில் “நீங்க பேப்பர் போடலை” என்று பையனிடம் சண்டைக்குப் போகிறவர் உண்டு. “தம்பி, இன்னிக்கு பேப்பர் வரலையேப்பா” என்கிறவரும் உண்டு. இரண்டாவது வாக்கியத்தில் குற்றவாளி இல்லை. வராமல் போன ஒரு பொருள் மட்டுமே இருக்கிறது. ஏன் வரவில்லை என்று சொல்ல, பையனுக்கு இடம் கிடைக்கிறது.

உடைத்தான், உடைந்தது, முடித்தார், முடிந்தது என்று தமிழ் வினைகள் இரட்டையாக நிற்பதுபோல ஜப்பானிய மொழியிலும் நிற்கின்றன. ‘கொவாசு’ என்றால் உடை. ‘கொவாரெரு’ என்றால் உடைந்துபோ. செய்பவரைச் சொல்லும் வினை ஒன்று, தானாக நிகழ்வதுபோலச் சொல்லும் வினை ஒன்று. நினைவூட்டலுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். ‘ஒகுரு’வுக்குப் பதிலாக ‘தொதொகு’. ‘வந்து சேர்’ என்று பொருள்.

“மதா தொதொய்தே இமசென்” என்றால் இன்னும் வந்து சேரவில்லை. அதையே “மதா தொதொய்தே இநாய் யோ தெஸ்” என்று முடித்தால் ‘இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது’. இந்த ‘யோ தெஸ்’ தமிழில் ‘போல’ செய்யும் வேலையைச் செய்கிறது. சொல்பவர் தன் கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொல்கிறார், தீர்ப்புச் சொல்லவில்லை.

கெடுவைப் பற்றிய வாக்கியத்திலும் இதே மாற்றம் வேண்டும். ‘கெடு பத்தாம் தேதி’ என்பது சட்டம் பேசுகிறது. ‘பத்தாம் தேதிக்குள் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள்’ என்பது இன்னும் மோசம். வாக்குத் தவறியவர் என்று பட்டம் கட்டுகிறது. “தோகா மதெ நி தொ ஒநெகாய் ஷிதே இமாஷ்தா கா” என்று எழுதலாம். ‘பத்தாம் தேதிக்குள் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால்…’ என்று பொருள். தேதி மாறவில்லை. ஆனால் அது மற்றவரின் வாக்குறுதியாக இல்லாமல், எழுதுபவரின் வேண்டுகோளாகிவிட்டது.

வெளியேற ஒரு வாசல்

ஜப்பானிய அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சொல் ‘யுகிச்சிகாய்’. எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்துபோவது என்பது அதன் நேர்ப்பொருள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அனுப்பியது வழியில் இருக்கலாம் என்று சொல்ல இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். “யுகிச்சிகாய் தெ சுதெ நி ஒகுத்தே இததாய்தே இதரா, சுமிமசென்” என்றால், ‘ஒன்றையொன்று கடந்து, ஏற்கெனவே அனுப்பியிருந்தீர்கள் என்றால் மன்னியுங்கள்’.

இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. படிப்பவருக்கும் ஆவணம் அனுப்பப்படவில்லை என்பது தெரியும்; எழுதுபவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்த வரி ஒரு வேலை செய்கிறது. தாமதித்தவர் தன் மறதியை முதலில் ஒப்புக்கொண்டுதான் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயத்தை அது நீக்குகிறது. அவர் மன்னிப்புக் கேட்பார். தானாகக் கேட்பார், பிடிபட்டுக் கேட்க மாட்டார்.

அதோடு, உண்மையான குழப்பத்துக்கும் எப்போதும் இடமுண்டு. ஜப்பானிய மொழியில் நான்காம் தேதி ‘யொக்கா’, எட்டாம் தேதி ‘யோகா’. தொலைபேசியில் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்பது ஜப்பானியருக்கே சிரமம். ஒரு மணி ‘இச்சி-ஜி’, ஏழு மணி ‘ஷிச்சி-ஜி’; இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே பலர் ஏழு மணியை ‘நானா-ஜி’ என்கிறார்கள். கூட்டத்தில் வாய்மொழியாக முடிவான கெடு என்றால், தவறியது வேலையா அல்லது காதில் விழுந்த தேதியா என்பது உறுதியில்லை. ஒரு தாமதத்தை நினைவூட்டுமுன் அந்தத் தேதி எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை. எழுதும்போது தேதியுடன் கிழமையும் சேர்த்து எழுத வேண்டும். ஜப்பானியர்கள் தேதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கிழமையின் முதல் எழுத்தைப் போடுவது இந்தக் குழப்பங்களைத் தடுக்கும் பழக்கம்.

முழுக் கடிதம்

மைசூருப் பொறியாளர் தன் மூன்று வாக்கியங்களை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். புதிய மின்னஞ்சலாகத் தொடங்காமல், செப்டம்பரில் அவர் முதலில் வேண்டுகோள் விடுத்த மின்னஞ்சலுக்கே தொடர்ச்சியாக எழுதினார். அப்போது ஆவணமும் தேதியும் கீழேயே இருக்கும். தேடும் சிரமம் படிப்பவருக்கு இல்லை. தலைப்பில் ‘கொகாகுநின் நோ ஒநெகாய்’, அதாவது ‘பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்’ என்ற சொற்களை மட்டும் சேர்த்தார். தலைப்பில் ‘சாய்சொகு’ என்று எழுதக் கூடாது. அவசரப்படுத்துதல் என்று பொருள்படும் அந்தச் சொல், பின்னால் இருந்து தள்ளுவதுபோல இருக்கும். ‘தொகுசொகு’ என்பது கடன் பாக்கிக்கும் வரிப் பாக்கிக்கும் அனுப்பும் அறிவிப்பின் சொல்.

கடிதம் இது. ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் பொருள்.

“ஒத்சுகரேசமா தெஸ். மாய்சூரு நோ (பெயர்) தெஸ்.”
வணக்கம். மைசூருவிலிருந்து இன்னார்.

“ஷியோஷோ நோ ரெப்யூ நோ கென் தெ ரென்ராகு ஷிமாஷ்தா.”
விவரக்குறிப்பின் மதிப்பாய்வு விஷயமாகத் தொடர்புகொள்கிறேன்.

“ஜூகத்சு தோகா (கின்) மதெ நி தொ ஒநெகாய் ஷிதே இமாஷ்தா கா, கொச்சிரா நி வா மதா தொதொய்தே இநாய் யோ தெஸ்.”
அக்டோபர் 10 வெள்ளிக்குள் என்று கேட்டிருந்தேன். இங்கே இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

“யுகிச்சிகாய் தெ சுதெ நி ஒகுத்தே இததாய்தே இதரா, சுமிமசென்.”
ஒன்றையொன்று கடந்து, ஏற்கெனவே அனுப்பியிருந்தால் மன்னியுங்கள்.

“கொச்சிரா தெ வா, ஜூகொ-நிச்சி (சுய்) நோ ஜூசான்-ஜி, நிஹோன் ஜிகான் கரா தெஸ்தோ நி ஹாய்ரு யொதெய் தெஸ்.”
நாங்கள் 15 புதன், ஜப்பான் நேரம் பிற்பகல் ஒரு மணிக்குச் சோதனையைத் தொடங்குவதாக இருக்கிறோம்.

“ஒஇசொகாஷீ தொகொரோ சுமிமசென் கா, ஜூகொ-நிச்சி நோ ஜூநி-ஜி மதெ நி இததகெரு தொ தஸுகரிமாஸ்.”
வேலை நெருக்கத்தில் தொந்தரவுக்கு மன்னிக்கவும். 15ஆம் தேதி நண்பகல் 12 மணிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

“முசுகாஷீ பாய் வா, இத்சு கொரோ நி நரிசோ கா தகெ தெமோ ஒஷியெதே இததகெமாஸ் கா. தெஸ்தோ நோ ஜுன்பான் ஓ கயெதே தாயோ ஷிமாஸ்.”
முடியாது என்றால், எப்போது ஆகும் என்பதை மட்டுமாவது சொல்ல முடியுமா? சோதனை வரிசையை மாற்றிச் சமாளித்துக்கொள்கிறோம்.

“யொரொஷிகு ஒநெகாய் ஷிமாஸ்.”
தயவுசெய்து கவனித்துக்கொள்ளுங்கள்.

இதில் மிருதுவான சொற்களுக்கு நடுவே இரண்டு கல் போன்ற உண்மைகள் இருக்கின்றன: சோதனை எப்போது தொடங்குகிறது, ஆவணம் எப்போது வேண்டும். இந்த இரண்டையும் நீக்கிவிட்டால் கடிதம் இனிமையாக இருக்கும், வேலை நடக்காது. முகதாட்சண்யத்துக்குப் பயந்து ‘நேரம் கிடைக்கும்போது பாருங்கள்’ என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஜப்பானிய சக ஊழியர் அதை உள்ளபடியே எடுத்துக்கொள்வார்: நேரம் கிடைக்கும்போதுதான் பார்ப்பார்.

கடைசிக்கு முந்தைய வரி கடிதத்தின் மிகப் பயனுள்ள பகுதி. ஆவணத்தை இன்றைக்கே முடிக்க முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், கடிதத்துக்குப் பதில் எழுதுவதையே தள்ளிப்போடுவார். ‘எப்போது என்று மட்டுமாவது’ என்ற சின்னக் கேள்விக்கு அவரால் உடனே பதில் சொல்ல முடியும். அந்தப் பதில்தான் மைசூருவில் இருப்பவருக்கு உடனடித் தேவை.

மரியாதை கூடினால் தூரம் கூடும்

ஜப்பானிய அரசின் கலாசார விவகார மன்றம் 2007இல் வெளியிட்ட மரியாதை மொழி வழிகாட்டுதல் அம்மொழியின் மரியாதை வழக்குகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. படிக்கும்போது அவை ஏணிப்படிகள் போலத் தோன்றும். மேலே ஏற ஏறப் பணிவு கூடும், பணிவு கூடக் கூடக் கசப்பு குறையும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சக ஊழியரிடம் இது பொய்த்துப்போகிறது.

ஜப்பானிய மொழி, பேசுபவரின் வட்டத்துக்கு உள்ளே இருப்பவரையும் வெளியே இருப்பவரையும் பிரித்து நடத்துகிறது. வாடிக்கையாளருக்கு எழுதும்போது பெயருக்குப் பின் ‘சாமா’ வரும். “இத்சுமோ ஒசேவா நி நத்தே ஒரிமாஸ்” என்று கடிதம் தொடங்கும். ஒரே நிறுவனத்தின் சக ஊழியருக்குப் பெயருக்குப் பின் ‘சான்’ போதும். தொடக்கம் “ஒத்சுகரேசமா தெஸ்”. நேற்றுவரை ‘சான்’ என்று எழுதிக்கொண்டிருந்தவர், தாமதம் நடந்த மறுநாள் ‘சாமா’ என்று தொடங்கினால் அது கோபத்தின் அடையாளமாகவே படும். தினமும் ‘வாப்பா’ என்று கூப்பிடும் அண்ணன் திடீரென்று ‘வாங்க சார்’ என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதே குளிர்தான் அங்கும். தாமதத்துக்கு முன் எந்த அளவு மரியாதையோ அதே அளவு, வேண்டுகோள் வாக்கியத்தில் மட்டும் அரைப்படி கூடுதல். ‘குதசாய்’க்குப் பதில் ‘இததகெமாஸ் கா’. அது போதும்.

எப்போது அனுப்புவது, யார் பார்ப்பது

டோக்கியோ கடிகாரம் மைசூருவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஜப்பானில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் ஆண்டு முழுவதும் இந்த வித்தியாசம் மாறாது. மைசூருவில் பிற்பகல் இரண்டரை என்றால் அங்கே மாலை ஆறு. ‘வெள்ளிக்குள்’ என்று எழுதி, மைசூருவின் வெள்ளி மாலை ஆறரை வரை காத்திருந்து ‘வரவில்லையே’ என்று எழுதுபவரின் கடிதம் அங்கே இரவு பத்து மணிக்குப் போய்ச் சேரும். வார இறுதி முழுவதும் அந்தக் கடிதத்தின் சுமையோடு அவர் இருக்க வேண்டும்.

திங்கள் காலை எழுதியிருந்தால்? 2025 அக்டோபர் 13 ஜப்பானில் விடுமுறை. அக்டோபரின் இரண்டாவது திங்கள்கிழமை அங்கே விளையாட்டு தினம். மைசூருவில் அது சாதாரண வேலை நாள். விடுமுறை நாளில் நினைவூட்டுவது, தசரா விடுமுறையில் மைசூருக்காரரை அழைத்து வேலை கேட்பதற்குச் சமம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில், ஆண்டு இறுதியில் என்று ஜப்பானிய அலுவலகங்கள் வரிசையாக மூடியிருக்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்காட்டியைச் சுவரில் மாட்டிவைத்திருப்பது எந்த மரியாதைச் சொல்லையும்விடப் பயன் தரும். நம் பொறியாளர் செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அனுப்பினார். அங்கே ஒரு மணி. மதிய உணவு முடிந்து மேசைக்குத் திரும்பும் நேரம்.

அடுத்தது, நகல் வரி. முதல் வேண்டுகோளில் மேலாளருக்கு நகல் போகவில்லை என்றால் நினைவூட்டலிலும் போகக் கூடாது. ஜப்பானிய மொழியில் ‘காவோ’ என்றால் முகம். ஒருவரை மற்றவர் முன் தலைகுனிய வைப்பதை அவர்கள் ‘முகத்தை நசுக்குவது’ என்கிறார்கள். மேலாளரின் பெயர் புதிதாக நகல் வரியில் தோன்றும் நொடியில், எவ்வளவு மென்மையாக எழுதியிருந்தாலும் அது நடந்துவிடுகிறது.

இணையவழிக் காலைக் கூட்டமும் அப்படித்தான். எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருக்க, “மதிப்பாய்வு என்ன ஆச்சு?” என்று பெயர் சொல்லிக் கேட்பது பொதுவில் நிறுத்தி விசாரிப்பதாகும். கூட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு தனிச் செய்தியில், “இமா சொத்தோ ஈ தெஸ் கா” என்று அனுமதி கேட்டு, “ஷியோஷோ நோ கென் நான் தெஸ் கெதோ…” என்று வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிடலாம். ‘விவரக்குறிப்பு விஷயமாகத்தான்…’ என்று தமிழில் இழுப்பது போன்றது இது. மீதியை அவரே சொல்வார். கூட்டத்தில், “இன்று மாலை அனுப்புகிறேன்” என்று அவர் வாயிலிருந்தே செய்தி வரும்.

பதிலைப் படிப்பது

மைசூரு நேரம் பத்தே காலுக்குப் பதில் வந்தது: “ஒசொகு நத்தே சுமிமசென். அஷ்தா நோ கொசென்-சூ நி ஒகுரிமாஸ்.” தாமதத்துக்கு மன்னியுங்கள், நாளை முற்பகலுக்குள் அனுப்புகிறேன். ‘கொசென்-சூ’ என்பது நண்பகல் பன்னிரண்டுக்கு முன்பு என்று தெளிவாகப் பொருள்படும். இது நல்ல பதில். இதற்குமேல் எதையும் கேட்க வேண்டியதில்லை.

எல்லாப் பதிலும் இப்படி இருக்காது. ‘காகுநின் ஷிமாஸ்’ என்றால் ‘பார்க்கிறேன்’. அதில் தேதி இல்லை. ‘நருபெகு ஹயாகு’ என்றால் ‘முடிந்தவரை சீக்கிரம்’, அதிலும் இல்லை. இவற்றை வாக்குறுதியாக எண்ணிக் காத்திருப்பவர்தான் நான்கு நாள் கழித்து இரண்டாவது நினைவூட்டல் எழுத வேண்டியிருக்கும். தேதி இல்லாத பதில் வந்தால், அன்றே நன்றி சொல்லி ஒரு வரி சேர்க்கலாம்: “மெயாசு தெ கெக்கோ தெஸ் நொதெ, நான்-நிச்சி கொரோ நி நரிசோ தெஷோ கா.” உத்தேசமாகச் சொன்னால் போதும், எந்தத் தேதி வாக்கில் ஆகும்?

மன்னிப்புக்கு என்ன பதில் சொல்வது என்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் முதலில் கற்ற ‘தாய்ஜோபு தெஸ்’ (பரவாயில்லை) கை நுனியில் வந்து நிற்கும். தாமதமானாலும் பரவாயில்லை என்றும் அதைப் படிக்கலாம். ‘தஸுகரிமாஸ்’, அதாவது ‘பெரிய உதவி’ என்று முடித்தால் மன்னிப்பும் ஏற்கப்பட்டது, தேவையும் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை

நண்பகல் தாண்டியும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது நினைவூட்டலை எழுத்தில் செய்வதைவிடக் குரலில் செய்வது நல்லது. எழுத்தில் இரண்டு கடிதங்கள் சேர்ந்தால் அது கோப்பாகிவிடும். தொலைபேசியில் “தபிதபி சுமிமசென்” (அடிக்கடி தொந்தரவு செய்கிறேன், மன்னியுங்கள்) என்று தொடங்கி, எங்கே சிக்கியிருக்கிறது என்று கேட்டு, பாதி ஆவணம் கிடைத்தாலும் தொடங்க முடியும் என்று சொல்லி, எந்தப் பகுதி முதலில் தயாராகும் என்று கேட்கலாம். முழு வேலையையும் கேட்காமல் முதல் பத்துப் பக்கத்தைக் கேட்பது தாமதித்தவருக்கும் மூச்சு விட இடம் தரும்.

அதுவும் பலிக்காவிட்டால் மேலே கொண்டுபோகத்தான் வேண்டும். ஜப்பானிய அலுவலகங்களில் ‘ஹோரென்சோ’ என்ற சொல் பிரபலம். அறிவித்தல், தெரிவித்தல், கலந்து கேட்டல் என்ற மூன்று சொற்களின் முதல் ஒலிகளைச் சேர்த்தால் பசலைக்கீரையின் பெயர் வரும், அதனால் மறக்காது. 1980களில் யமதனே பங்குத் தரகு நிறுவனத்தின் தலைவர் யமசாகி தொமிஜி இதைப் பரப்பினார். இதில் மூன்றாவதான கலந்து கேட்டல், ‘சோதான்’, இங்கே உதவுகிறது. புகார் என்ற பெயரில் போகாமல், கால அட்டவணையைப் பற்றிய ஆலோசனை என்ற பெயரில் போவது. முதலில் தன் பக்கத்துக் குழுத் தலைவரிடம் பேச வேண்டும். பிறகு டோக்கியோ மேலாளருக்குச் செய்தி போகுமுன், அந்தச் சக ஊழியருக்கே, “அட்டவணை விஷயமாக எங்கள் தலைவருடனும் கலந்து பேசலாம் என்றிருக்கிறேன்” என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். அவர் தன் மேலாளரிடம் தானே முதலில் சொல்லிக்கொள்ள அது அவகாசம் தருகிறது. பல சமயம் அந்த ஒரு வரிக்கே ஆவணம் வந்துவிடும்.

இந்த மென்மை பொருந்தாத இடங்களும் உண்டு. பெங்களூரு–மைசூரு சாலையில் பிடதியில் 1999 முதல் கார் தயாரிக்கும் டொயோட்டா ஆலை போன்ற இடங்களில் உற்பத்தி வரிசை நிற்கும் நிலை வந்தால், ‘போலிருக்கிறது’ என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது. பாதுகாப்புக் குறைபாடு, வாடிக்கையாளர் முன் இருக்கும் ஒப்பந்தத் தேதி ஆகியவையும் அப்படியே. அங்கே தொலைபேசியை எடுத்து, நிலைமையை நேராகச் சொல்லி, நேரத்தைக் கேட்க வேண்டும். ஜப்பானியர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். பல ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்த நண்பரிடம் “அரெ, தோ நத்தா?” (அது என்ன ஆச்சு?) என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுவதும் அங்கே சகஜம்.

மாதிரி நிகழ்வில், ஆவணம் புதன்கிழமை ஜப்பான் நேரம் முற்பகலுக்குள் வந்தது. மைசூருவில் காலை ஒன்பதரைக்குச் சோதனை தொடங்கியது. பொறியாளர் அன்று இரண்டு வரியில் ஒரு நன்றி எழுதினார். அதில் பத்தாம் தேதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஜப்பானிய மொழியில் வேலை பார்க்கும் வாசகர், தான் கடைசியாக அனுப்பிய நினைவூட்டலை இன்றைக்கு ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அதில் ‘ஒகுரு’ இருக்கிறதா ‘தொதொகு’ இருக்கிறதா, தேதிக்குப் பக்கத்தில் கிழமையும் எந்த நாட்டு நேரம் என்பதும் இருக்கின்றனவா, நகல் வரியில் தேவையில்லாத பெயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அடுத்த கடிதத்தில் திருத்த வேண்டியவை இந்த மூன்றும்தான்.